நிலுவைக் கட்டணம் குறித்துப் பெற்றோர்களுக்குத் திருத்தி எழுதிய செய்தி

பத்தாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோர்களுக்கு வணக்கம்.

கடந்த வெள்ளிக்கிழமை நம் டியூஷன் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட செய்தியை நீக்கிவிட்டேன். கட்டணம் தராத பிள்ளைகளின் பெயர்களை எல்லோரும் பார்க்கும்படி எழுதியதும், "திங்கள் முதல் வகுப்புக்கு வர வேண்டாம்" என்று சொன்னதும் தவறு. மன்னித்துவிடுங்கள். அன்று மாலை ஒரு மாணவி பையைத் தோளிலிருந்து இறக்காமல், செருப்பு விடும் இடத்திலேயே நின்றுகொண்டு, "சார், நான் உள்ளே வரலாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான்தான் காரணம். நீக்கிய செய்திக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். நிலுவை உள்ளவர்களுக்கு மட்டும் தனித்தனியாக அனுப்புகிறேன். குழுவில் இனி யார் பெயரும் வராது.

நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கான கட்டணம், மாதம் 1,200 ரூபாய் வீதம் மொத்தம் 2,400 ரூபாய், உங்களிடமிருந்து வரவேண்டியுள்ளது. ஜனவரி 31-ஆம் தேதிக்குள் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தாமதத்துக்கு அபராதம் எதுவும் கிடையாது. ஜனவரி மாதக் கட்டணத்தை இதனுடன் சேர்க்கவில்லை. அதைப் பிப்ரவரி 10-ஆம் தேதி வரை தரலாம்.

பொங்கல் செலவு இருக்கும் மாதம் இது. சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கைக்கு வரச் சில வீடுகளில் நாளாகும் என்பதும் எனக்குத் தெரியும். முழுத் தொகையும் ஒரே தடவையில் முடியாவிட்டால் இப்போது 1,200, அடுத்த மாதம் 1,200 என்று தாருங்கள். அதுவும் சிரமம் என்றால் எந்தத் தேதியில் முடியும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். காரணம் கேட்க மாட்டேன். என் பக்கத்திலும் இடத்தின் வாடகையும் அறிவியல் ஆசிரியரின் சம்பளமும் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி கொடுத்தாக வேண்டும். தேதி தெரிந்தால் அதற்கேற்பச் சமாளித்துக்கொள்வேன்.

கட்டணம் எந்த நிலையில் இருந்தாலும் பிள்ளை வகுப்புக்கு வரட்டும். திருப்புதல் தேர்வுகள் நெருங்கிவிட்டன. பொதுத்தேர்வுக்கு முன் இருக்கும் இந்த வாரங்களில் ஒரு நாள் விட்டுப்போனாலும் கணக்கில் பிடிப்பது கடினம். பணம் பற்றிப் பிள்ளைகளிடம் நானோ மற்ற ஆசிரியர்களோ ஒரு சொல்லும் கேட்க மாட்டோம். அவர்கள் கையில் கொடுத்து அனுப்பவும் வேண்டாம்.

இந்த எண்ணுக்கே ஜிபே செய்யலாம். குறிப்பில் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். நேரில் தருவதானால் மாலை 5 மணி முதல் 6 மணி வரை, வகுப்பு தொடங்குமுன், அலுவலக அறையில் இருப்பேன். இரண்டுக்கும் ரசீது உண்டு. ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கள், கணக்கை அன்றே சரிசெய்துவிடுகிறேன். எழுதுவதைவிடப் பேசுவது எளிது என்றால் இரவு 8:30 மணிக்கு மேல் அழையுங்கள்.

இப்படிக்கு,
டியூஷன் சென்டர் நிர்வாகி, கணித ஆசிரியர்
மன்னார்குடி
ஜனவரி 8