பாக்கி நினைவூட்டல் மெயிலில் தவறான தொகை போய்விட்டது: என் தவறு, திருத்தம் அனுப்ப உங்கள் ஒப்புதல் தேவை

சார், நேரில் சொல்லத்தான் வந்தேன், நீங்கள் மீட்டிங்கில் இருந்தீர்கள். காத்திருக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

இன்று காலை 9:40க்கு நான் அனுப்பிய பாக்கி நினைவூட்டல் மெயில்களில் தொகை தவறாக இருக்கிறது. எக்செல் பட்டியலைப் பெரிய தொகையிலிருந்து வரிசைப்படுத்தியபோது தொகை இருந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டேன். பெயரும் பில் எண்ணும் அப்படியே நிற்க, தொகை மட்டும் இடம் மாறி ஒருவருடைய பாக்கி இன்னொருவர் பெயருக்கு நேராகப் போய்விட்டது. அனுப்புவதற்கு முன் மொத்தக் கூட்டுத்தொகையைக் கணக்கு மென்பொருளோடு ஒப்பிட்டேன், சரியாகவே இருந்தது, ஆனால் வரிசை எப்படிக் கலைந்தாலும் கூட்டுத்தொகை மாறாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. 10:15க்கு ஒரு வாடிக்கையாளர் "எங்கள் பில் இவ்வளவு இல்லையே" என்று பதில் போட்ட பிறகுதான் தெரிந்தது. உடனே அனுப்புவதை நிறுத்திவிட்டேன்.

மொத்தம் 310 பேரில் 186 பேருக்குப் போய்விட்டது, மீதி 124 போகவில்லை. போனதில் 175 தவறு. 11 பேருக்குத் தொகை தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது. இதுவரை இரண்டு பேர் பணம் கட்டியிருக்கிறார்கள், ஒருவர் கூடுதலாக, ஒருவர் குறைவாக. இன்னொருவருடைய பெயரோ பில் எண்ணோ யாருக்கும் போகவில்லை, அதை வரிக்கு வரி பார்த்துவிட்டேன். கணக்கு மென்பொருளில் உள்ள பாக்கி விவரம் எதுவும் மாறவில்லை.

புதிய பட்டியலை மறுபடி எடுத்து, 175 வரிகளையும் பில் எண்ணை வைத்துச் சரிபார்த்து வைத்திருக்கிறேன். அனுப்ப நினைக்கும் திருத்தம் இதுதான்:

"இன்று காலை நாங்கள் அனுப்பிய நினைவூட்டலில் உங்கள் பாக்கித் தொகை தவறாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அந்த மெயிலைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். சரியான தொகையும் பில் நகலும் இத்துடன் உள்ளன. தவறு எங்களுடையது, மன்னிக்கவும்."

நீங்கள் சரி என்றால் 11:30க்குள் போய்விடும். பணம் கட்டிய இருவருக்கும் நானே போன் செய்கிறேன், கூடுதலாகக் கட்டியவருக்குத் திருப்பித் தருவதா அடுத்த பில்லில் கழிப்பதா என்று மட்டும் சொல்லுங்கள். வாடிக்கையாளர் சேவைக் குழுவுக்கு இப்போதே தகவல் சொல்லிவிட்டேன், போன் வந்தால் அவர்கள் முழிக்கக் கூடாது.

இனிமேல் இந்தப் பட்டியலில் கையால் வரிசைப்படுத்துவதே இல்லை. பில் எண்ணை வைத்து `XLOOKUP` மூலம் தொகை தானாக வரும்படி இன்றே மாற்றுகிறேன். அப்புறம், முதல் 5 மெயில்கள் எனக்கும் கணக்குப் பிரிவில் ஒருவருக்கும் மட்டும் வரும், அவர் பில்லோடு ஒப்பிட்டுச் சரி சொன்ன பிறகுதான் மற்றவை போகும். நிறுத்தி வைத்த 124ஐயும் அப்படித்தான் நாளை அனுப்பப் போகிறேன்.

என் இடத்தில்தான் இருக்கிறேன், கூப்பிட்டால் உடனே வருகிறேன்.