வாடகை செலுத்தும் தேதியை 10-ஆம் தேதிக்கு மாற்றித் தர வேண்டுகோள்

கொரட்டூர், சென்னை
17 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

முதல் மாடியிலிருந்து மகேஸ்வரி எழுதிக்கொள்வது. பத்துப் படி இறங்கி வந்து நேரில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறேன் என்று தவறாக நினைக்க வேண்டாம். ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட எதையும் எழுதிக் கொடுத்தால்தான் கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணனிடம் காட்டிப் பேச வசதியாக இருக்கும் என்று போன முறை ஒப்பந்தம் புதுப்பித்தபோது நீங்கள் சொன்னீர்கள். அதனால் எல்லாவற்றையும் விவரமாகவே எழுதியிருக்கிறேன்.

கேட்க வந்தது இதுதான். இப்போது ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் தர வேண்டிய வீட்டு வாடகையை, வருகிற செப்டம்பர் மாதம் முதல் 10-ஆம் தேதிக்குள் தருவதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டும். வாடகைத் தொகையைக் குறைக்கச் சொல்லவில்லை. அட்வான்ஸ் 96,000 ரூபாயில் கழித்துக்கொள்ளவும் சொல்லவில்லை. அது எப்போதும்போல உங்களிடமே இருக்கட்டும். தேதி மட்டும்தான் மாற வேண்டும்.

புரசைவாக்கத்தில் துணிக்கடைக் கணக்குப் பிரிவில் இருந்தவரை மாதக் கடைசி நாளிலேயே சம்பளம் கைக்கு வந்துவிடும். அதை நம்பித்தான் 2022 ஜூனில் குடிவந்தபோது 5-ஆம் தேதி என்ற நிபந்தனைக்கு யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இந்த மே மாதம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேறு வேலைக்கு மாறியது உங்களுக்குத் தெரியும். சம்பளம் 21,000-லிருந்து 27,000 ஆனது, பி.எஃப். உண்டு, ரயிலில் சீக்கிரம் போய்விடலாம், மகள் பள்ளிவிட்டு வந்து ஒரு மணி நேரத்துக்குள் நான் வீட்டில் இருப்பேன். எல்லாம் நல்லதாகவே அமைந்தது. ஆனால் இங்கே சம்பள நாள் 7-ஆம் தேதி.

மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன். ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்தில், மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தால் போதும் என்று 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டமே சொல்கிறது. எனவே அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, எனக்காக மாற்றவும் மாட்டார்கள். அதிலும் 7-ஆம் தேதி விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில்தான் பணம் ஏறுகிறது. என் முதல் சம்பளமே அப்படித்தான். ஜூன் 7 பக்ரீத், மறுநாள் ஞாயிறு, 9-ஆம் தேதி திங்கட்கிழமை மாலைதான் வந்தது. வருகிற செப்டம்பர் 7-ம் ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 7-ம் ஞாயிற்றுக்கிழமை. 7 என்றோ 8 என்றோ கேட்காமல் 10 என்று கேட்பதற்கு இதுதான் காரணம். ஒரு தேதியைச் சொல்லிவிட்டு அதையும் தவறவிடுகிற நிலை எனக்கு வரக்கூடாது. வங்கிக் கணக்குப் புத்தகத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சம்பளம் ஏறிய பக்கங்களின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணனுக்கு அனுப்ப உதவும்.

இந்த மூன்று மாதமும் 5-ஆம் தேதிக்குள் வாடகை உங்கள் கைக்கு வந்ததே, பிறகு என்ன சிரமம் என்று நீங்கள் கேட்கலாம். அது எப்படி வந்தது என்று இதுவரை நான் சொல்லவில்லை. ஜூனில் மகளின் பள்ளிக்கூடச் செலவுக்கென்று எடுத்துவைத்த பணத்தைத் தந்தேன். நோட்டுப் புத்தகம் வாங்க அவள் ஒரு வாரம் காத்திருந்தாள். ஜூலை 4-ஆம் தேதி வேலை முடிந்து வரும் வழியில் அடகுக் கடைக்குப் போய் என் கழுத்துச் சங்கிலியை வைத்து 12,000 ரூபாய் வாங்கினேன். 8-ஆம் தேதியே மீட்டுவிட்டேன். வைத்தது நான்கே நாள், ஆனால் ஒரு மாத வட்டி 240 ரூபாயை எடுத்துக்கொண்டார்கள். அங்கே நாள் கணக்கு இல்லை, மாதக் கணக்குதானாம். அந்த நான்கு நாளும் புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு இருந்தேன். மாடிப்படியில் என்னைப் பார்த்து, "என்னம்மா, தொண்டை சரியில்லையா?" என்று நீங்கள் கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். உங்களிடம் பொய் சொன்னது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. ஆகஸ்டில் என் கணவரின் தம்பியிடம் கைமாற்றாக வாங்கிக் கட்டினேன்.

இரண்டே இரண்டு நாள் வித்தியாசத்துக்காக மாதா மாதம் யாரிடமாவது போய் நிற்க வேண்டியிருக்கிறது. சம்பளம் போதாமல் இல்லை, அம்மா. வருகிற நாளும் தருகிற நாளும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

வாடகையை நம்பி உங்களுக்கும் செலவு இருக்கிறது என்பதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. 8-ஆம் தேதி நீங்கள் 5,000 ரூபாய் சீட்டுக் கட்டுகிறீர்கள். ஒரு மாதம் தவறினால் சீட்டு எடுக்கும்போது பேச்சு வரும் என்று நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். பெருக்கும் அம்மாவுக்குச் சம்பளம், தண்ணீர் லாரி, மோட்டார் கரண்ட் பில் எல்லாம் மாத முதல் வாரத்தில் வருபவை. இதையெல்லாம் வைத்து வீட்டில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பராமரிப்புத் தொகை 1,000 ரூபாயை இப்போதுபோலவே 5-ஆம் தேதிக்குள் தந்துவிடுகிறேன். வாடகை 16,000-இல் உங்கள் சீட்டுக்கு வேண்டிய 5,000 ரூபாயையும் அன்றே தருகிறேன். என் கணவருக்குத் தச்சு வேலையில் சனிக்கிழமைதோறும் கூலி கிடைப்பதால் இந்த 6,000 ரூபாயைச் சேர்த்துவிட முடியும். மீதி 11,000 ரூபாயை என் சம்பளம் வந்த அன்றே உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுவேன். பெரும்பாலான மாதங்களில் அது 7-ஆம் தேதியாகவே இருக்கும். எவ்வளவு தள்ளிப்போனாலும் 10-ஐத் தாண்டாது.

அக்டோபரில் நீங்கள் அரையாண்டுச் சொத்துவரி கட்டுவீர்கள். முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் மாநகராட்சி தரும் 5 சதவீதச் சலுகைக்கு இதனால் எந்த இடையூறும் வராது என்பதையும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

39 மாத வாடகையில் ஒரே ஒரு மாதம்தான் 5-ஆம் தேதி தவறியது. அது 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. 4-ஆம் தேதி கீழே தண்ணீர் ஏற ஏற, உங்கள் தையல் மிஷினை நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிக்கு ஏற்றினோம். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் நாமெல்லோரும் ஒரே மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மறுநாள் 5-ஆம் தேதி என்று நான் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தபோது, "வாடகை எங்கே ஓடிப்போகிறது? முதலில் குழந்தைக்குப் பால் காய்ச்சு" என்றீர்கள். 9-ஆம் தேதி தந்தேன். தாமதத்துக்கு ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டீர்கள். இதை எழுதும் தைரியமே எனக்கு அந்த நாளால் வந்ததுதான்.

உங்கள் வாசல் கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதித் தாளில் சிவப்பு மையால் "மாடி" என்று எழுதிவைப்பீர்கள். பணம் தந்ததும் அதே தாளில் ஒரு டிக் அடித்துக் கிழித்துப் பத்திரப்படுத்துவீர்கள். அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் தவறக்கூடாது என்றே எனக்குத் தோன்றும். இனி 10-ஆம் தேதித் தாளிலும் ஒருமுறை "மாடி" என்று எழுதச் சொல்லித்தான் கேட்கிறேன்.

ஒப்பந்தம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய பதினோரு மாத ஒப்பந்தம் 2025 மார்ச் 1-இல் தொடங்கி 2026 ஜனவரி 31-இல் முடிகிறது. அதில் 5-ஆம் தேதிக்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம் என்று இருக்கிறது. வாய்ப்பேச்சாக மட்டும் விட்டால் நாளைக்கு உங்களுக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம். எனவே கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதி, நாம் இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளையும் போடவைத்து, ஒப்பந்தத்தின் இரு பிரதிகளோடும் இணைத்துக்கொள்ளலாம்:

"முதல் மாடி வீட்டுக்கான மாத வாடகை ரூ.16,000-இல் ரூ.5,000-ஐயும் பராமரிப்புத் தொகை ரூ.1,000-ஐயும் குடியிருப்பவர் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் செலுத்துவார். வாடகையின் மீதித் தொகை ரூ.11,000-ஐ அதே மாதம் 10-ஆம் தேதிக்குள் செலுத்துவார். தாமதக் கட்டணம் அந்தந்தத் தொகைக்குரிய தேதிக்கு மறுநாள் முதல் கணக்கிடப்படும். இந்த மாற்றம் 2025 செப்டம்பர் மாத வாடகை முதல் நடைமுறைக்கு வருகிறது. ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகளில் மாற்றம் இல்லை."

வார்த்தைகளில் அண்ணன் ஏதாவது மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். ஒரேயடியாக மாற்ற அவருக்குத் தயக்கம் இருந்தால், ஜனவரி 31 வரை மட்டும் இப்படி வைத்துப் பார்க்கலாம். அதற்குள் ஒரு மாதம் நான் 10-ஆம் தேதியைத் தாண்டினாலும் பழையபடி 5-ஆம் தேதிக்கே திரும்பிவிடலாம், நான் மறுபேச்சு பேச மாட்டேன். அப்படி நடக்காமல் இருந்தால், பிப்ரவரியில் புதுப்பிக்கும் ஒப்பந்தத்திலேயே இந்தத் தேதிகளை எழுதிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 5-க்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் உங்கள் முடிவைச் சொன்னால் உதவியாக இருக்கும். முடியாது என்றால் அதற்கேற்ப நான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் தேதி குறிப்பிட்டிருக்கிறேன். நீங்கள் மறுத்தாலும் செப்டம்பர் வாடகை முழுவதும் 5-ஆம் தேதிக்குள் உங்கள் கையில் இருக்கும். வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மாலை ஆறரைக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். குரல் கொடுத்தால் போதும், நானே கீழே வருகிறேன்.

தங்கள் அன்புள்ள,
த. மகேஸ்வரி
முதல் மாடி

இணைப்பு: வங்கிக் கணக்குப் புத்தக நகல், 3 பக்கங்கள்