முனைவர் பட்டச் சேர்க்கை நேர்காணல்: பெங்களூரு ஏரிகளும் தமிழ்க் கல்வெட்டுகளும்

(பெங்களூரு, தமிழ்த் துறை. குழுவில் துறைத்தலைவர், நெறியாளராகக் கேட்கப்பட்டிருக்கும் பேராசிரியை, வெளியிலிருந்து வந்த கல்வெட்டு அறிஞர். விண்ணப்பதாரர் ஓசூர்ப் பெண். உரையாடல், துறைக் கோப்புக்காக எழுதப்பட்டது.)

துறைத்தலைவர்: உட்காருங்கள் அம்மா. முதுகலையில் என்ன செய்தீர்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள்.

விண்ணப்பதாரர்: ஓசூர்ப் பக்கத்து நடுகற்கள், ஐயா. படம் எடுத்து, மைப்படி எடுத்து, ஏற்கெனவே அச்சில் வந்த வாசிப்போடு ஒப்பிட்டேன்.

அறிஞர்: மைப்படி நீங்களே எடுத்தீர்களா, யாரையாவது எடுக்க வைத்தீர்களா?

விண்ணப்பதாரர்: நானேதான் ஐயா. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்க வேண்டும். பாதி காய்ந்ததும் மை ஒற்ற வேண்டும். ஈரம் அதிகமாக இருந்தால் மை பரவிவிடும், முழுக்கக் காய்ந்தால் தாள் கழன்றுவிடும்.

அறிஞர்: சரி. சுண்ணாம்பும் பெயின்ட்டும் பூசிய கோயில் சுவரில்?

விண்ணப்பதாரர்: மைப்படி அங்கே சரிவராது. இரவில் பக்கவாட்டிலிருந்து விளக்கு அடித்துப் படம் எடுக்கலாம். இங்கே மிதிக் சொசைட்டி என்ற ஆய்வு அமைப்பு 2021-லிருந்து முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வருகிறது. தேய்ந்த கல்லுக்கு அது நன்றாக உதவுகிறது.

(அறிஞர் தலையாட்டினார். இதுவரை கேட்டதெல்லாம் கை பழகியிருக்கிறதா என்று பார்க்க மட்டும்.)

பேராசிரியை: தலைப்புக்கு வருவோம். 'பெங்களூருவின் தமிழ்க் கல்வெட்டுகளில் ஏரிகள்'. இதில் கேள்வி எங்கே இருக்கிறது? ஏரி வருகிற கல்வெட்டுகளைத் தொகுப்பது பட்டியல் வேலை. கல்வெட்டுத் தொகுப்பாளர் ரைஸ் 1905-லேயே பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை அச்சிட்டுவிட்டார்.

விண்ணப்பதாரர்: கல்வெட்டு சொல்கிற ஏரி இன்றைய நிலத்தில் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி, அம்மா. மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, பெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. அந்த ஏரி எது?

அறிஞர்: அதைத்தான் நானும் கேட்கிறேன். பெரிய ஏரி எந்த ஊரில்தான் இல்லை? சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவா ஸ்டேடியம். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு. நீங்கள் விரலை எங்கே வைத்தாலும் ஒரு ஏரி கிடைக்கும்.

விண்ணப்பதாரர்: நிலம் ஏரிக்குக் கீழே என்றால் பாசனப் பரப்பு, அதாவது கரைக்கு அப்பால் சரிவில். எல்லைகளும் திசை சொல்லி வருகின்றன. சரிவு, எல்லை இரண்டும் பொருந்துகிற இடங்கள் ஒன்றிரண்டுதான் மிஞ்சும் என்று நினைக்கிறேன்.

அறிஞர்: சரிவை எதிலிருந்து எடுப்பீர்கள்?

விண்ணப்பதாரர்: சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்திலிருந்து.

அறிஞர்: 1:50,000 தாளில் உயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்று. இந்த ஊர் ஏரிக்கரை முழுவதும் இரண்டு கோடுகளுக்கு நடுவில் அடங்கிவிடுமே?

(விண்ணப்பதாரர் சிறிது நேரம் யோசித்தார்.)

விண்ணப்பதாரர்: அது மட்டும் போதாது, ஐயா. பழைய கிராம வரைபடங்களில் ஏரிகளை இணைக்கும் ராஜகாலுவே என்ற பெரிய கால்வாய் குறிக்கப்பட்டிருக்கும். ஏரி தூர்ந்து லேஅவுட் ஆனாலும் கால்வாயின் தடம் பெரும்பாலும் தெரியும். தண்ணீர் எந்த ஏரியிலிருந்து எந்த ஏரிக்குப் போனது என்று அதை வைத்துப் பிடிக்கலாம்.

பேராசிரியை: நல்லது. ஆனால் அந்தக் கால்வாய் 13-ஆம் நூற்றாண்டிலும் அதே வழியில் ஓடியது என்பதற்கு என்ன ஆதாரம்? பிறகு 16-ஆம் நூற்றாண்டில், கெம்பே கவுடா காலத்தில் எத்தனை ஏரி வெட்டப்பட்டது!

விண்ணப்பதாரர்: அதனால்தான் முதலில் காடுகோடியை எடுக்க நினைக்கிறேன், அம்மா. ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பட்டந்தூர் ஏரியை வெட்டி, தண்ணீர் திறந்துவிடத் தூம்பு வைத்த செய்தி அதில் வருகிறது. ஏரியின் பெயரும் தெரியும், இடமும் தெரியும். என் முறை அங்கே சரியான ஏரியைக் காட்டினால் மடிவாளாவுக்குக் கொண்டுபோகலாம். காட்டாவிட்டால் முறையை மாற்ற வேண்டியதுதான்.

அறிஞர்: இதை ஏன் கருத்துருவில் எழுதவில்லை? ஆறு பக்கம் சோழர் படையெடுப்பு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேண்டாம்.

(சிரிப்பு.)

துறைத்தலைவர்: கன்னடம் வாசிப்பீர்களா? அந்த வருவாய்ப் பதிவுகள் தமிழில் கிடைக்காது.

விண்ணப்பதாரர்: அச்செழுத்து வாசிப்பேன் ஐயா. பழைய கையெழுத்துக்கு இன்னும் பழக வேண்டும்.

பேராசிரியை: முதல் பருவத்தில் அதை முடித்துவிடுங்கள். இன்னொன்று, 'பெங்களூரு' என்பதை எடுத்துவிட்டு கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கு என்று சுருக்குங்கள். தொம்மலூர், மடிவாளா இரண்டும் அதற்குள் வரும். காடுகோடி சோதனைக்கு மட்டும் தனியாக நிற்கட்டும். ஊர் முழுவதையும் எடுத்தால் ஆறு வருடத்திலும் முடியாது.

விண்ணப்பதாரர்: ஹெப்பாள் பக்கத்தையும் சேர்க்கலாம் என்று இருந்தேன், அம்மா.

பேராசிரியை: வேண்டாம்.

துறைத்தலைவர்: நீங்கள் எதுவும் கேட்க வேண்டுமா?

விண்ணப்பதாரர்: கோயில் சுவரை ஸ்கேன் எடுக்க அனுமதி துறை வழியாகக் கிடைக்குமா, ஐயா? தனியாகப் போய்க் கேட்டால் பூசாரி கேமராவை உள்ளே விடுவதில்லை.

துறைத்தலைவர்: துறையின் கடிதம் தருவோம். ஆனால் பூசாரியிடம் நீங்கள்தான் பேச வேண்டும். திருத்திய கருத்துருவை நான்கு பக்கத்துக்குள் அனுப்புங்கள், காடுகோடி முதல் பத்தியிலேயே வரட்டும்.