முடிவுகள்: தூக்கமும் ஸ்ட்ரூப் எதிர்வினை நேரமும்

தவறான பதில்களையும் 200 மி.வி.க்குக் குறைந்த பதில்களையும் (மொத்தத்தில் 4.1%) நீக்கிய பின், 40 பேரின் சராசரி எதிர்வினை நேரங்களை 2 × 2 கலப்பு மாறுபாட்டுப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தினோம். குழுக்களுக்கிடையிலான காரணி தூக்கம்; ஒவ்வொருவரிடமும் திரும்ப அளந்த காரணி சொல்–நிறப் பொருத்தம். இதற்கு இரண்டே நிலைகள் என்பதால் கோளத்தன்மைத் திருத்தம் தேவைப்படவில்லை.

அட்டவணை 1. சராசரி எதிர்வினை நேரம், மி.வி. (அடைப்புக்குறிக்குள் திட்ட விலக்கம்)

| குழு | n | பொருந்தும் | முரண்படும் | வேறுபாடு |
|---|---|---|---|---|
| முழுத் தூக்கம் | 20 | 612 (70) | 684 (78) | 72 (50) |
| தூக்கமின்மை | 20 | 655 (76) | 779 (90) | 124 (58) |

பொருத்தத்தின் முதன்மை விளைவு மிகப் பெரியது: F(1, 38) = 131.01, p < 0.001, ηp² = 0.78. தூக்கத்தின் விளைவும் குறிப்பிடத்தக்கது: F(1, 38) = 8.69, p = 0.005, ηp² = 0.19. ஆனால் இதைத் தனியாக எடுத்துக்கொள்ள முடியாது; காரணம், இடைவினையும் குறிப்பிடத்தக்கதாக இருந்தது: F(1, 38) = 9.22, p = 0.004, ηp² = 0.20. முரண்பாட்டால் வந்த தாமதம் தூங்காதவர்களிடம் 52 மி.வி. கூடுதல்.

எனவே குழுக்களை ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியே ஒப்பிட்டோம் (பான்ஃபெரோனி வரம்பு 0.025). முரண்படும் சொற்களில் தூங்காதவர்கள் 95 மி.வி. மெதுவாகப் பதிலளித்தார்கள்: t(38) = 3.57, p = 0.001, d = 1.13. பொருந்தும் சொற்களில் 43 மி.வி. வேறுபாடு வரம்பை எட்டவில்லை: t(38) = 1.86, p = 0.070. ஆனாலும் d = 0.59 என்பது நடுத்தர அளவு. அதை வேறுபாடே இல்லை என்று வாசிக்கக் கூடாது.