ராஜா வந்தாச்சு! (நந்தினி - கார்த்தி கல்யாண டீசர், 38 செகண்ட்)

போன்லயே நேரா புடிச்சு எடுக்கறோம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்க்குத்தான். ட்ரோன் வேணாம், கோட்டை தொல்லியல் துறை கையில இருக்கு, பர்மிஷன் வாங்கணும். வெளிய நின்னு எடுத்தாலே அகழியும் மதிலும் அழகா ஒரே ஃப்ரேம்ல வந்துடும். காலைல ஏழு மணிக்குள்ள முடிச்சாகணும், அப்புறம் வேலூர் வெயில்ல ஆயாவ நிக்க வைக்க எனக்கு மனசு வராது.

0 - 8
அகழி தண்ணியில கோட்டை நிழல். மெதுவா மேல போனா மதில், முன்னாடி ஆயாவும் நந்தினியும். பின்னணியில நாதஸ்வரம் சன்னமா.

ஆயா: வேலூருன்னா ராஜா இல்லாத கோட்டைன்னு சொல்லுவாங்கடி.
நந்தினி: எங்க ராஜா வந்துகினே இருக்காரு ஆயா! (போன எடுக்கறா)

8 - 19
ஆற்காடு, ஸ்வீட் கடை. ஹெல்மெட்ட கையில மாட்டிகினு கார்த்தி. இங்க நந்தினி, அங்க கார்த்தின்னு மாத்தி மாத்தி கட் பண்ணணும், மியூசிக் நிறுத்திடலாம், கடை சத்தம் நல்லா கேக்கணும்.

நந்தினி: எங்க இருக்கீங்க?
கார்த்தி: ஆற்காடு தாண்டிட்டேன்மா.
கடைக்காரர்: தம்பி, மக்கன்பேடா அரை கிலோவா, ஒரு கிலோவா?
(கார்த்தி கண்ண மூடிக்கறான். ஒரு செகண்ட் யாரும் பேசக்கூடாது.)
நந்தினி: ஒரு கிலோ!

19 - 22
பைக், ரோடு, டேங்க் மேல ஸ்வீட் டப்பா. தவில் அடி ஆரம்பம்.

22 - 30
கோட்டை முன்னாடி. கார்த்தி மூச்சு வாங்க ஓடி வந்து நிக்கறான், ஆயா மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வ பாக்கறாங்க. இந்த பார்வ தான் மொத்த வீடியோவுமே, அதனால எடிட்டர் அண்ணே, இத மட்டும் தயவு செஞ்சு வெட்டிடாதீங்க.

ஆயா: ராஜான்னா, கத்தி எங்க?
கார்த்தி: மக்கன்பேடா இருக்கு ஆயா.

குளோசப்ல மக்கன்பேடாவ புட்டு காட்டணும், உள்ள முந்திரியும் பாதாமும் தெரியணும், ஜீரா விரல்ல வழியணும். ஆயா வாயில போட்டுகினு மெல்றாங்க.

ஆயா: ராஜா தான்!

30 - 36
நந்தினி சிரிச்சு சிரிச்சு கார்த்தி தோள்ல சாயறா. தவில் உச்சத்துல. எழுத்து பெருசா, பெரியவங்க கண்ணாடி இல்லாமலே படிக்கற மாதிரி:

நந்தினி ❤️ கார்த்தி
ரிசப்ஷன்: ஆகஸ்ட் 22, 2026, சனி சாயங்காலம் 6.30
முகூர்த்தம்: ஆகஸ்ட் 23, ஞாயிறு காலை 6.00 - 7.30
காட்பாடி, வேலூர்
பத்திரிகையோட வீட்டுக்கே வர்றோம்!

ரெண்டு பேரும் சேர்ந்து: குடும்பத்தோட வந்துடுங்க!

36 - 38
ஸ்கிரீன் கருப்பு. ஆயா குரல் மட்டும்.

ஆயா: ராஜா... இன்னொன்னு குடுப்பா.