வியாழக்கிழமை செக்கப்புக்கு முன் டாக்டருக்கு: அப்பா சாப்பிடும் சத்து மாத்திரைகளும் நாட்டு மருந்துகளும்

கும்பகோணம்
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்களிடம் சிகிச்சை பெற்று வரும் சுந்தரேசனின் மகள் மீனாட்சி. அப்பாவுக்கு வயது 69. 2014-இல் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். இதயத் துடிப்பும் சீராக இல்லை. வருகிற வியாழக்கிழமை காலை உங்கள் ஓ.பி.க்கு அழைத்து வருகிறேன். நீங்கள் முன்னதாகவே படித்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

“வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள். “நீங்க எழுதிக் கொடுத்ததைத் தவிர வேற எதுவும் இல்லைங்க டாக்டர்” என்று அப்பா சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை சீட்டில் எழுதியதுதான் மருந்து. மற்றதெல்லாம் சத்துக்குச் சாப்பிடுவது. ஆனால் அந்தச் சத்துப் பட்டியல் நீளம். வீட்டில் உள்ள டப்பா, பாட்டில், பொட்டலம் அத்தனையையும் சாப்பாட்டு மேசையில் எடுத்து வைத்து, லேபிளைப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

நீங்கள் கொடுத்தவை: அசினோகுமரால், டிகாக்சின் அரை மாத்திரை (சனி, ஞாயிறு கிடையாது), ஃப்யூரோசமைடு, ஸ்பைரோனோலாக்டோன், மெட்டோப்ரோலால். இவற்றை ஒரு வேளையும் தவறவிடுவதில்லை.

முதலில் கால்சியம் மாத்திரையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதிகம் கவலை அதில்தான். முழங்கால் வலிக்காக வேறொரு டாக்டரிடம் காட்டியபோது எழுதிக் கொடுத்தது. தை மாதத்திலிருந்து காலை டிபனுக்குப் பிறகு தினமும் ஒன்று. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் கால்சியம் 500 மி.கி., வைட்டமின் டி3, அதோடு வைட்டமின் கே2-7 90 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறது. முன்பக்கத்தில் கே என்ற எழுத்தே இல்லை. அப்பாவின் ஐ.என்.ஆர். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மார்கழி வரை 2.8, 3.1, 2.9 என்று இருந்தது. தைக்குப் பிறகு 1.9, அப்புறம் 1.7. கீரை அதிகம் சாப்பிட்டீர்களா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை, முருங்கைக்கீரை வாரம் இரண்டு நாள், எப்போதும் போலத்தான். அசினோகுமராலை 2 மி.கி.யிலிருந்து 3 மி.கி.க்கு நீங்கள் ஏற்றியதும் இந்தச் சமயத்தில்தான். ஆகவே இந்த மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. ஏற்றிய அளவு அப்படியே இருக்க, இது மட்டும் திடீரென்று நின்றால் ஐ.என்.ஆர். மேலே போய் ரத்தக்கசிவு வந்துவிடுமோ என்று பயம். எப்போது நிறுத்துவது, எத்தனை நாளில் மறுபடி ரத்தம் எடுப்பது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டு வந்த மல்டிவைட்டமினையும் அதே நேரத்தில் போடுகிறார். அதிலும் வைட்டமின் கே 30 மைக்ரோகிராம் இருக்கிறது. ஒருநாள் போடுவார், இரண்டு நாள் மறந்துவிடுவார். மீன் எண்ணெய் காப்ஸ்யூல் 1000 மி.கி., தினமும் இரண்டு. பூண்டு எண்ணெய் காப்ஸ்யூல் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. மஞ்சள் காப்ஸ்யூல் 500 மி.கி., மிளகுச் சத்து சேர்த்தது, இரவில் ஒன்று. இது மூட்டு வலிக்காக, நடைப்பயிற்சி நண்பர் சொல்லி ஆரம்பித்தது. இந்த மூன்றும் ரத்தத்தை இளக்கும் என்கிறார்கள். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் இல்லை. ஆனால் இடது முன்கையில் எங்கும் இடித்துக்கொள்ளாமலேயே எட்டணா அளவுக்கு நீலம் பாரித்து, இப்போது மங்கி வருகிறது.

அடுத்து அதிமதுரம். அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர், சாயங்காலம் கோயிலில் தேவாரம் பாடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். குரல் கட்டாமல் இருக்க விரல் நீள அதிமதுரக் குச்சியைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு சாறை விழுங்கிக்கொண்டே இருப்பார். மார்கழியிலிருந்து தினமும் ஒன்று, உற்சவ நாட்களில் இரண்டு. இது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைக்கும் என்று படித்தேன். ஃப்யூரோசமைடும் பொட்டாசியத்தை இறக்கும், பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நஞ்சாகும் என்று நீங்களே ஒருமுறை எங்களை எச்சரித்திருக்கிறீர்கள். சில வாரங்களாகச் சாயங்காலம் கணுக்காலில் சாக்ஸ் தடம் பதிகிறது. காலையில் பிரஷர் 150/90 வரை போகிறது.

இன்னொரு பக்கம், அப்பா சமையலுக்கு மாற்றியிருக்கும் “சோடியம் குறைந்த உப்பு”. பாக்கெட்டில் பொட்டாசியம் குளோரைடு கலந்தது என்றிருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவருக்கு இதனால் பொட்டாசியம் ஏறலாம் அல்லவா? ஒன்று இறக்குகிறது, ஒன்று ஏற்றுகிறது. இப்போது எங்கே நிற்கிறது என்று ரத்தம் பார்த்தால்தான் தெரியும். பொட்டாசியம், கிரியாட்டினின் இரண்டையும் வியாழக்கிழமையே எடுத்துவிடலாமா? உப்பை மட்டும் இன்றே பழைய கல்லுப்புக்கு மாற்றிவிட்டோம், அளவைக் கூட்டாமல்.

மீதி உள்ளவை: காலையில் வெறும் வயிற்றில் மருதம்பட்டைக் கஷாயம் (ஒரு டீஸ்பூன் தூள், ஒன்றரை டம்ளர் தண்ணீரை அரை டம்ளராகச் சுண்டவைத்தது), இதயத்துக்கு நல்லது என்று பல வருடமாகக் குடிக்கிறார், இதில் அவருக்கு நம்பிக்கை அதிகம். இரவு பாலில் அமுக்கரா சூரணம் அரை டீஸ்பூன், மலச்சிக்கல் இருந்தால் திரிபலா. வைட்டமின் டி 60,000 யூனிட், ஞாயிறுதோறும் ஒன்று. எட்டு வாரத்துக்கு எழுதியது, அது முடிந்தும் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அம்மா முடிக்காகச் சாப்பிட்டு மீதியான பயோட்டின் 10,000 மைக்ரோகிராமையும் வீணாக்க வேண்டாமென்று எடுக்கிறார். ட்ரோபோனின் போன்ற சில ரத்தப் பரிசோதனைகளை அது தப்பாகக் காட்டக்கூடும் என்பதால் லேபிலும் சொல்லிவிடுகிறேன்.

வலி மாத்திரை எதுவும் எடுப்பதில்லை, இதை உறுதியாகச் சொல்கிறேன். முழங்காலுக்குத் தைலம் மட்டும்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் மறைக்க ஆரம்பித்துவிடுவார். பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்றுதான் இதையெல்லாம் தேடித்தேடிச் சாப்பிடுகிறார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிறுத்தச் சொன்னாலும் மனம் ஒடிந்துபோவார். அவருக்குக் கேடு செய்யாதது ஒன்றிரண்டு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். வேண்டாதவற்றை மட்டும் உங்கள் கையாலேயே சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள். நான் நூறு முறை சொல்வதைவிட உங்கள் கையெழுத்துக்கு அவர் கட்டுப்படுவார். டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு வருகிறேன், லேபிளை நீங்களே பார்க்கலாம். இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியும், சம்மதித்துத்தான் டப்பாக்களை எடுத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை வரை காத்திருக்கக் கூடாத ஏதாவது இதில் இருந்தால், முக்கியமாக அந்த அதிமதுரமும் கால்சியம் மாத்திரையும், தயவுசெய்து சிஸ்டரை விட்டு நாளைக்கே எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். என் எண் அப்பாவின் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கிறது. எந்த நேரமானாலும் எடுப்பேன். ரத்தம் எடுக்க முன்கூட்டியே வரச் சொன்னாலும் வருகிறோம்.

நன்றியுடன்,
மீனாட்சி