உங்கள் கடிதம் கிடைத்தது: முனுசாமி தாத்தாவைத் தேடுவது பற்றி

அன்புள்ள தங்கை கலைவாணிக்கு,

வணக்கம். நவம்பர் 21 அன்று நீங்கள் அனுப்பிய கடிதமும் பழைய கடிதத்தின் இரண்டு படங்களும் வந்து சேர்ந்தன. படங்கள் தெளிவாகத் திறக்கின்றன. குடியாத்தத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி முனுசாமியைத் தேடச் சொல்லியிருக்கிறீர்கள். பிப்ரவரி 2 அன்று அப்பாவுக்குச் சதாபிஷேகம், அதற்குள் ஒரு சேதி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேடுகிறேன். ஆனால் அந்த நாளுக்குள் முழுப் பதிலும் வராது. இதை இப்போதே சொல்லிவிடுவதுதான் முறை.

காரணத்தையும் சொல்கிறேன். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாணா, ஊர், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாம் இருக்கிறதே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், நம் ஆட்கள் வாயால் சொன்னதை குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி என்ற ஒரே பெயருக்கு எத்தனையோ எழுத்து வடிவங்கள். வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து மட்டும் எத்தனையோ முனுசாமிகள். தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தினால்தான் நம் ஆள் என்று சொல்ல முடியும்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு குடும்பத்துக்கு நான் ஒரே வாரத்தில் பதில் எழுதினேன். பெயரும் வயதும் ஒத்துப்போனதில் அவசரப்பட்டுவிட்டேன். அவர்கள் அந்தத் தகப்பன் பெயரைச் சொல்லி அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்த பிறகுதான், அது வேறு குடும்பத்து ஆள் என்று தெரிந்தது. அந்த வீட்டுப் பெரியவரிடம் போனில் அதைச் சொன்ன நாள் இன்னும் மனதில் உறுத்துகிறது. உங்கள் அப்பாவுக்கு அப்படி நடக்க விடமாட்டேன்.

சரி, எது எப்போது வரும்?

கணினியில் ஏறியிருக்கும் கப்பல் பட்டியலை டிசம்பர் 12க்குள் பார்த்து முடித்து, பொருந்தக்கூடிய பெயர்களை உங்களுக்கு எழுதுவேன். அது முடிவு இல்லை. அதை அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்பது என் வேண்டுகோள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை இங்கே வருடக் கடைசி விடுமுறை. எந்த வேலையும் நகராது. அதன்பின் செவ்வாய்க்கிழமைகளில் ஆவணக் காப்பகத்துக்குப் போய் மூலப் பதிவேடுகளைப் பார்ப்பேன். உங்களுக்கு முன்னால் எழுதிய நான்கு குடும்பங்களும் காத்திருக்கிறார்கள். வரிசைப்படிதான் பார்க்க முடியும். ஜனவரி 30 அன்று, ஒன்றுமே கிடைக்காவிட்டாலும், எதுவரை பார்த்தேன் என்று எழுதுவேன். பதிவேடுகளைப் பார்த்துச் சொல்லும் பதில் மார்ச் 15க்குள் வரும். கிடைக்கவில்லை என்றால் அதையும் அதே தேதிக்குள் சொல்லிவிடுவேன்.

அவருடைய வாரிசுகளைத் தேடுவது தனி வேலை. இங்கே தகப்பன் பெயரே பல குடும்பங்களில் பரம்பரைப் பெயராகிவிட்டது. முன்சாமி என்ற பெயரோடு டர்பனில் நிறைய வீடுகள் உண்டு. யாராவது தெரியவந்தால், அவர்கள் சம்மதித்த பிறகே போன் நம்பர் தருவேன். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று நான் தேதி சொல்ல மாட்டேன். உறவு கிடைத்துவிட்டது என்று நினைத்து யாரும் இப்போது விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

இதற்குள் நீங்கள் மூன்று விஷயம் அனுப்பினால் எனக்குப் பெரிய உதவி. அந்தப் பழைய கடிதத்தின் உறை இருந்தால் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். தபால் முத்திரையில் ஊர் தெரிந்தால் எந்தக் கரும்புத் தோட்டப் பக்கம் தேடுவது என்று பிடிபடும். முனுசாமியின் தகப்பனார் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர் உட்பட. அப்புறம், அன்று குடும்பம் இருந்தது குடியாத்தம் ஊருக்குள்ளா, பக்கத்துக் கிராமத்திலா என்று அப்பாவிடம் கேளுங்கள். அவர் பேசும்போது போனில் பதிவு செய்து வைத்துவிடுங்கள். இது ஒன்றுதான் உண்மையிலேயே அவசரம். பதிவேடு எங்கேயும் போகாது.

இதற்குப் பணம் எதுவும் வேண்டாம். நகல் எடுக்கக் கட்டணம் கேட்டால், கட்டுவதற்கு முன் தொகையைச் சொல்வேன். நடுவில் ஏதாவது நினைவுக்கு வந்தால் இதே கடிதத்துக்குப் பதிலாக எழுதுங்கள். பதில் உடனே வராவிட்டாலும் படித்துவிடுவேன்.

அப்பாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தேவராஜ் அண்ணன்
சாட்ஸ்வொர்த், டர்பன்
நவம்பர் 25